வேலை அட்டை நேரமும் சம்பள நேரமும் ஏன் ஒத்துப்போக வேண்டும்?

"வருகைப் பதிவேடு இருக்கும்போது ஜாப் கார்டும் டைம் டிக்கெட்டும் எதற்கு?"

தொழிலாளி எத்தனை மணி நேரம் பட்டறையில் இருந்தார் என்பதை வருகைப் பதிவேடு சொல்லும்; அந்த நேரம் எந்த வேலைக்குப் போயிற்று என்பதை அவர் எழுதும் டைம் டிக்கெட் சொல்லும். டிக்கெட்டுகளிலுள்ள மணிகளை வேலைவாரியாகச் சேர்த்து எழுதுவதே ஜாப் கார்டு, அதாவது வேலை அட்டை. வடசேரிச் சந்தைக்கு 500 ரூபாயுடன் போய் வந்தால், வாங்கிய பொருட்களின் விலையும் மீதிச் சில்லறையும் சேர்ந்து 500 ஆக வேண்டும் அல்லவா? இதுவும் அப்படித்தான்: வேலைகளுக்குப் போன மணியும் வேலையில்லாமல் கழிந்த மணியும் சேர்ந்து சம்பள மணிக்குச் சமமாக வேண்டும்.

குளச்சலில் விசைப்படகு பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஃபிட்டரின் வாரச் சம்பளம் 48 மணிக்கு. டிக்கெட்டுகளில் கியர்பாக்ஸுக்கு 26, புரொப்பல்லர் ஷாஃப்டுக்கு 14, ஆக 40 மணிதான். விசாரித்தால், பேரிங் வரும்வரை காத்திருந்தது 5 மணி, ஷாஃப்ட் வேலையில் எழுத மறந்தது 3 மணி. மறந்த 3 மணியை ஷாஃப்ட் கார்டில் ஏற்ற வேண்டும். இல்லையேல் மணிக்கு 100 ரூபாய் கூலி என்றால், 300 ரூபாய் அந்தப் படகின் கணக்கில் வராமலே போகும். காத்திருந்த 5 மணியை எந்தப் படகின் தலையிலும் கட்டாமல், 'வேலையற்ற நேரம்' என்று பட்டறையின் பொதுச் செலவில் எழுத வேண்டும்.

எல்லார் டிக்கெட்டும் தினமும் சரியாக 8 மணி காட்டி, காத்திருப்பே இல்லை என்றால், அவை மாலையில் நினைவிலிருந்து எழுதப்பட்டவை என்றே நான் சந்தேகிப்பேன்.

டிக்கெட்டில் குறையும் மணிக்குச் சம்பளத்தைப் பிடிக்கலாம் என்று பலர் எண்ணுவது தவறு. மணிக்கூலிக்கு அடிப்படை வருகைப் பதிவேடே.