யாரைக் கைகழுவினான்?

அன்புள்ள ஐயா,

பழமொழிக்கும் மரபுத்தொடருக்கும் நேர்ப்பொருள், உட்பொருள், சொந்த வாக்கியம் என்று மூன்று கட்டம் போட்டுப் பயிற்சித்தாள் தயாரித்தேன். முதல் இரண்டையும் பிள்ளைகள் எழுதிவிடுகிறார்கள். மூன்றாவதில் 'அவன் கைகழுவினான்' என்று நிறுத்திவிடுகிறார்கள். இதைத் தவறு என்று அடிப்பதா, விட்டுவிடுவதா?

ஒரு தமிழ் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

அடிக்க வேண்டாம், மதிப்பெண்ணும் போட வேண்டாம். பக்கத்தில் "யாரை?" என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுங்கள்.

நேர்ப்பொருளில் கழுவப்படுவது கை: கையைக் கழுவினான். மரபுத்தொடர் ஆனதும் கை வினையோடு ஒட்டிக்கொள்கிறது, 'ஐ' உருபு வேறொருவரிடம் போய்விடுகிறது: கூட்டாளியைக் கைகழுவினான். 'கைவிட்டான்' என்பதும் இப்படித்தான். "யாரை?" என்பதற்குப் பதில் தேடும் பிள்ளை, "நஷ்டம் வந்ததும் கூட்டாளியைக் கைகழுவிவிட்டான்" என்பதற்குத் தானே வந்து சேரும்.

எல்லாத் தொடருக்கும் இது உதவாது. 'குழந்தைக்குக் காது குத்தினார்கள்', 'எனக்கே காது குத்துகிறாயா?' இரண்டிலும் 'கு' உருபுதான். அப்போது தொடரை விரலால் மறைத்துவிட்டு மிச்சத்தைப் படிக்கச் சொல்லுங்கள். 'அவன் ... நீட்டினான்' என்பதில் எதை வேண்டுமானாலும் நீட்டலாம். "கடனைக் கேட்கப் போகிறேன் என்று தெரிந்ததும் வாசல்வரை வந்தவன் ..." என்று இருந்தால், மறைந்திருப்பது 'கம்பி நீட்டிவிட்டான்' என்று பக்கத்துப் பிள்ளை சொல்லிவிடும். சொல்ல முடியாவிட்டால் வாக்கியத்தில் காரணம் இல்லை என்று பொருள்.

சரி, இரண்டாவது கட்டம் ஒழுங்காக இருக்கிறதா என்றும் பாருங்கள். கைகழுவுதலுக்குப் 'பொறுப்பின்மை' என்று எழுதினால் கருத்து அருகில்தான் இருக்கிறது, ஆனால் அது செயலைச் சொல்லவில்லை. செயலுக்குச் செயலாக, 'பொறுப்பேற்காமல் விட்டுவிடுதல்' என்று இருந்தால் அதையே வாக்கியத்தில் பொருத்திப் பார்க்கலாம்.

பழமொழியில் இந்தப் பொருத்தல் நடக்காது. மரபுத்தொடர் நீட்டினான், நீட்டுவாள், நீட்டாதே என்று வளையும். பழமொழி முழு வாக்கியமாகவே வந்து நிற்கும். அதைச் சேர்க்க 'என்பது போல' என்ற பாலம் தேவை. 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நேர்ப்பொருள், ஆட வராதவள் ஆடும் இடத்தைக் குறை சொல்வது. உட்பொருள், தன் இயலாமையை மறைக்கப் பழியை வேறொன்றின்மேல் போடுவது. பிள்ளைகள் பெரும்பாலும் "என் தங்கைக்கு ஆடத் தெரியாது, அதனால் கூடம் கோணல் என்றாள்" என்று எழுதுவார்கள். அது நேர்ப்பொருளையே மறுபடி சொல்வது. வாக்கியத்தில் ஆட்டமே வரக் கூடாது என்று ஒரு விதி வையுங்கள். "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பது போல, புத்தகத்தையே திறக்காத தம்பி கேள்வித்தாள் சரியில்லை என்கிறான்." கூடத்தின் இடத்தில் கேள்வித்தாள், ஆட்டத்தின் இடத்தில் படிப்பு. இந்த இரண்டையும் பிள்ளை சுட்டிக்காட்டினால் முழு மதிப்பெண்.

அப்புறம், நேர்ப்பொருள் கட்டத்தில், 'கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை' என்பதற்குச் சொல்லும் 'கழுதை இல்லை, கழு தைக்க' மாதிரி விளக்கங்களை விடாதீர்கள். சுவாரசியமாக இருக்கும்தான், ஆனால் அந்தக் கட்டம் கேட்பது கண்முன் இருக்கும் சொற்களின் பொருளை.

அடுத்த தாளில் பழமொழியையும் மரபுத்தொடரையும் தனித்தனி அட்டவணையாகப் பிரித்துவிடுங்கள். பழமொழிக்கு வாக்கியக் கட்டம் மூன்று வரி உயரமாவது இருக்கட்டும்.