அத்தை பணம் வாங்க மறுத்தால்

"அத்தை வீட்டில் இரண்டு வருடம் தங்கிப் படித்தேன். கிளம்பும்போது பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. எப்படி நன்றி சொல்வது?"

பணத்தை மறுபடி நீட்டாதீர்கள். வாடகைக் கணக்கைத் தீர்ப்பது போல அவர்களுக்கு வலிக்கும். நான் சென்னையில் சித்தி வீட்டில் மூன்று வருடம் இருந்தேன். கிளம்பிய அன்று எதுவும் கொடுக்கவில்லை. அடுத்த மாதம் அப்பா அம்மாவோடு போய், தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பூவோடு சித்திக்குப் புடவையும் சித்தப்பாவுக்கு வேட்டியும் வைத்துக் கொடுத்து, காலில் விழுந்தேன். வெற்றிலை பாக்கோடு வருவதை மறுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. பெற்றோரைக் கட்டாயம் கூட்டிப் போங்கள், அவர்களும் நன்றி சொல்ல வேண்டியவர்கள்தானே.

அப்புறம் சித்தியிடம் தனியாக, "பரீட்சை அன்னைக்கெல்லாம் நாலரை மணிக்கே எழுந்து இட்லி ஊத்துவீங்களே சித்தி" என்றேன். புடவைக்குக் கலங்காத கண் அதற்குக் கலங்கியது. அத்தை செய்ததில் அப்படி ஒன்றை நினைவுபடுத்திச் சொல்லுங்கள்.