பி.இ. இல்லை, 12 வருட அனுபவம் இருக்கிறது: ரெஸ்யூமில் எப்படிக் காட்டுவது?

கேள்வி: சார், எனக்குக் கடலூர் முதுநகர். டிப்ளமோ மெக்கானிக்கல் முடிச்சு 12 வருஷமா சிப்காட்ல ஒரு கெமிக்கல் கம்பெனியில மெயின்டனன்ஸ் பார்க்கிறேன், ஆனா கான்ட்ராக்டர் பேர்லதான். புதுச்சேரி கம்பெனி ஒண்ணு மெயின்டனன்ஸ் இன்ஜினியருக்கு 'பி.இ. கட்டாயம், அல்லது இணையான அனுபவம்'னு விளம்பரம் போட்டிருக்கு. நான் போடலாமா? ரெஸ்யூம்ல என்ன எழுதணும்?

பதில்: தாராளமாகப் போடலாம். இது தனியார் கம்பெனி தானாக வைத்துக்கொண்ட நிபந்தனை, தளர்த்துவதும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. டிஎன்பிஎஸ்சி மாதிரி அரசு வேலைகளில் அப்படி இல்லை, அறிவிப்பில் பட்டம் என்று இருந்தால் பட்டம்தான். சில தனியார் வேலைகளிலும் சட்டமே படிப்பைக் கேட்கிறது. மருந்து கம்பெனியில் உற்பத்தியை மேற்பார்வை பார்ப்பவருக்கு 1945-ஆம் வருட மருந்து விதிகள் பட்டத்தையும் கேட்கின்றன, அனுபவத்தையும் கேட்கின்றன (வேதியியல் பட்டதாரி என்றால் 3 வருடம்). அங்கே எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் பட்டத்துக்கு ஈடாகாது. மெயின்டனன்ஸ் இன்ஜினியர் வேலைக்கு அந்த மாதிரித் தடை பொதுவாகக் கிடையாது.

ஆனால் 12 வருடம் என்பதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். ஒரே வேலையை 12 வருடம் செய்தவரும் இருக்கிறார், ஃபிட்டராக நுழைந்து இன்ஜினியர் வேலையைத் தன் தலையில் எடுத்துக்கொண்டவரும் இருக்கிறார், ரெஸ்யூமைப் படிப்பவர் நீங்கள் இதில் யார் என்றுதான் தேடுவார். பம்ப்பில் சீல் போனால் கழற்றிப் புதுசு மாட்டுவது ஃபிட்டர் வேலை. அது ஏன் திரும்பத் திரும்பப் போகிறது என்று கண்டுபிடித்து நிறுத்துவதற்குத்தான் இன்ஜினியரைத் தேடுகிறார்கள்.

அதனால் 'பம்ப், கியர்பாக்ஸ் பராமரிப்பு செய்தேன்' என்று ஒற்றை வரியில் முடிக்காமல், இந்த மாதிரி எழுதுங்கள்: 'ஆசிட் பம்ப்பில் மெக்கானிக்கல் சீல் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போனது. டயல் கேஜ் வைத்து அலைன்மென்ட் பார்த்ததில் மோட்டாரின் ஒரு கால் பேஸ் பிளேட்டில் சரியாக உட்காரவில்லை என்று தெரிந்தது. ஷிம் வைத்துச் சரிசெய்தபின் அடுத்த சீல் 14 மாதம் ஓடியது.' இதில் கோளாறு, காரணம் தேடிய விதம், பலன் மூன்றும் இருக்கிறது. மாதக்கணக்கு லாக் புக்கில் இருப்பதாக இருக்கட்டும், இன்டர்வியூவில் முதலில் அதைத்தான் தோண்டுவார்கள். இப்படி நான்கைந்து போதும். ஷட்டவுனுக்கு நீங்களே வேலைப் பட்டியல் போட்டது, ஸ்பேர் வாங்க ஸ்பெசிஃபிகேஷன் எழுதியது, ஒர்க் பெர்மிட்டில் கையெழுத்துப் போட்டது எல்லாம் இதில் வரும். விளம்பரத்தில் என்னென்ன கேட்டிருக்கிறார்களோ அதே வரிசையில் அடுக்குங்கள்.

ரெஸ்யூமின் உச்சியிலேயே இரண்டு வரியில் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்: 'டிப்ளமோ மெக்கானிக்கல், கெமிக்கல் பிளான்ட் மெயின்டனன்ஸில் 12 வருடம், அதில் கடைசி இத்தனை வருடம் ஷிஃப்ட் பொறுப்பு. பி.இ.க்கு இணையான அனுபவம் என்ற பிரிவில் விண்ணப்பிக்கிறேன்.' இது மேலே இல்லையென்றால், படிப்பு என்ற இடத்தில் டிப்ளமோவைப் பார்த்ததுமே ஒதுக்கிவிட வாய்ப்பு அதிகம். படிப்பைக் கடைசிப் பகுதியில் வையுங்கள், மறைக்க வேண்டாம். 'பி.இ. (இணை)' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், சரிபார்ப்பில் அது பொய்த் தகவல் என்றே ஆகும். ஆன்லைன் ஃபார்மில் 'பட்டம் உண்டா' என்று கேட்டால் இல்லை என்றுதான் போட வேண்டும். சில சாஃப்ட்வேர் அந்த இடத்திலேயே விண்ணப்பத்தைத் தள்ளிவிடும் என்பதால், மெயின்டனன்ஸ் ஹெட்டுக்கோ எச்.ஆருக்கோ ரெஸ்யூமைத் தனியாகவும் மெயில் பண்ணுங்கள்.

கான்ட்ராக்டர் விஷயத்தில்தான் சிப்காட் ஆட்கள் நிறைய பேர் மாட்டிக்கொள்கிறார்கள். கம்பெனி பெயரை மட்டும் போடுவார்கள், சரிபார்க்கும்போது பி.எஃப். கணக்கில் கான்ட்ராக்டர் பெயர் வரும், உண்மையான அனுபவமே சந்தேகத்துக்கு ஆளாகிவிடும். வேலை கொடுத்தவர் என்ற இடத்தில் கான்ட்ராக்டர் பெயர், அடுத்த வரியில் 'பணியிடம்: இன்ன கம்பெனி, சிப்காட், கடலூர்' என்று எழுதுங்கள். நடுவில் கான்ட்ராக்டர் மாறியிருந்தால் ஒவ்வொருவரையும் பி.எஃப். சர்வீஸ் ஹிஸ்டரியில் உள்ள தேதியோடு தனித்தனியாகப் போட்டு, பணியிடம் ஒன்றே என்று காட்டுங்கள். கான்ட்ராக்டர் தரும் அனுபவச் சான்றில் பெரும்பாலும் 'டெக்னீஷியன்' என்றுதான் இருக்கும். அதனால் உங்கள் வேலையை நேரில் பார்த்த பிளான்ட் இன்ஜினியரிடம், நீங்கள் என்னென்ன பொறுப்பு பார்த்தீர்கள் என்று ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள். அவர் வேறு கம்பெனிக்கு மாறிப் போவதற்கு முன்னால் வாங்கிவிடுங்கள்.