வயலினுக்கு எந்த டிஐ பெட்டி வாங்குவது?

கேள்வி: வயலினில் ஒட்டுகிற பியசோ பிக்கப் வாங்கினேன். கோயில் மண்டபத்தில் மிக்சர் வரை 20 மீற்றர் வயர் இழுத்தால் ஒரே இரைச்சல். கீழ்ச்சுரங்கள் மெலிந்து தகரச் சத்தம் வருகிறது. கருவியின் சிக்னலை மிக்சரின் மைக் இன்புட்டுக்கு ஏற்றபடி மாற்றும் டிஐ பெட்டி வாங்கச் சொல்கிறார்கள். கரண்ட் தேவையில்லாத மலிவான பசிவ் பெட்டி போதுமா? (வயலின் மாணவி, உவர்மலை, திருகோணமலை)

பதில்: இரைச்சல் குறையும், ஆனால் கீழ்ச்சுரங்கள் திரும்பி வராது. கரண்டில் வேலை செய்யும் அக்டிவ் பெட்டியே வாங்குங்கள்.

பசிவ் பெட்டிக்குள் இருப்பது ஒரு டிரான்ஸ்போமர்தான். அதன் சுற்று விகிதம் பெரும்பாலும் 12:1. இம்பீடன்ஸ், அதாவது சிக்னலுக்குக் காட்டும் மின்தடை, அந்த விகிதத்தின் வர்க்கப்படி, அதாவது 144 மடங்கு மாறும். மிக்சரின் மைக் இன்புட் 1.5 கிலோ ஓம் என்றால், பிக்கப்பின் பக்கமிருந்து பார்க்கும்போது அது சுமார் 200 கிலோ ஓம். சாதாரண மின்கிற்றாருக்கு இது பொதுவாகச் சரி. பியசோ பிக்கப்போ 1000 பிகோஃபரட் அளவிலான சின்னக் கப்பாசிற்றர் மாதிரி வேலை செய்வது. அந்தச் சுமையில் சுமார் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப்போக ஒலி இறங்கிவிடும். வயலினின் தடித்த தந்தி முழுவதும் அந்தப் பகுதியில்தான் பேசுகிறது. அக்டிவ் பெட்டியின் இன்புட் 1 மெகா ஓம் என்றால் அந்த எல்லை 160 ஹெர்ட்ஸுக்கு இறங்கும், 10 மெகா ஓம் என்றால் 16 ஹெர்ட்ஸுக்கு. ஆகவே பெட்டி அட்டையில் முதலில் இன்புட் இம்பீடன்ஸைப் பாருங்கள். 1 மெகா ஓமுக்குக் குறைந்ததை வாங்க வேண்டாம்.

டிஐ பெட்டியிலிருந்து வெளியே வரும் சிக்னல் குறைந்த இம்பீடன்ஸில், இரண்டு கம்பிகளில் எதிரெதிராகப் போகும். வழியில் புகும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும். மிக்சர் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுப்பதால் அந்த இரைச்சல் கழிந்துவிடுகிறது.

இதில் பலர் கோட்டை விடுவது பெட்டியை வைக்கும் இடத்தில். வயலின் வயரும் ஒரு கப்பாசிற்றர் மாதிரிதான். மீற்றருக்கு 100 பிகோஃபரட் என்று வைத்தால், பெட்டி மிக்சர் அருகே இருக்கும்போது 20 மீற்றருக்கு 2000 ஆகிறது. பிக்கப்பின் 1000-உடன் அது சேரும்போது ஒலி மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அங்கே வைத்த பெட்டியால் இதைச் சரியாக மீட்க முடியாது. எனவே பெட்டியை உங்கள் காலடியில் வையுங்கள். வயலினிலிருந்து 3 மீற்றருக்குள் வயர், பெட்டியிலிருந்து மிக்சருக்கு 20 மீற்றர் எக்ஸ்எல்ஆர் வயர்.

அக்டிவ் பெட்டிக்குக் கரண்ட் வேண்டும். மிக்சரில், மைக் வயர் வழியாகவே கரண்ட் அனுப்பும் 48 வோல்ட் ஃபன்ரம் சுவிட்ச் இருக்கிறதா என்று சவுண்ட்காரரிடம் கேளுங்கள். இல்லையென்றால் பற்றரி போடக்கூடியதாக வாங்குங்கள். அப்புறமும் உறுமல் இருந்தால் பெட்டியின் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டிப் பாருங்கள். பிளக்கின் எர்த்தை மட்டும் யாரையும் கழற்ற விடாதீர்கள், உயிருக்கே ஆபத்து.

பிக்கப்போடு பற்றரி போட்ட பிரீஅம்ப் ஏற்கெனவே இருந்தால் கணக்கு மாறும், அப்போது பசிவ் பெட்டியே போதும்.