மைத்துனர் கம்பெனியும் தீபாவளித் தங்கக் காசும்

ஆம்பூரில் ஒரு காலணி ஏற்றுமதி ஆலையில் 14 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். இப்போது கொள்முதல் மேலாளர். அட்டைப்பெட்டி தரும் நிறுவனம் என் மைத்துனருடையது. தரமும் விலையும் சரியாகவே இருந்தன. போன தீபாவளிக்கு வேறொரு சப்ளையர் 4 கிராம் தங்கக் காசு கொடுத்தார்; எல்லோரும்தான் வாங்கினார்கள். என்னை மட்டும் பழிவாங்கி, விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள். வழக்குப் போடலாமா?

— ஒரு வாசகர், ஆம்பூர்

பெட்டியின் தரம், விலை, மற்றவர்கள் வாங்கியது, பழிவாங்கல் எல்லாவற்றையும் ஒதுக்கி வையுங்கள். ஆண்டுதோறும் நிறுவனம் தரும் உறுதிமொழிப் படிவத்தில் "சப்ளையர்களில் உறவினர் உண்டா?" என்ற கேள்விக்கு என்ன எழுதிக் கையெழுத்திட்டீர்கள்? "இல்லை" என்று எழுதியிருந்தால் உங்கள் வழக்கு அங்கேயே நின்றுவிடும். உறவினரிடம் வாங்கியதைவிட, அதை மறைத்ததுதான் குற்றச்சாட்டாக வரும். நிறுவனத்துக்கு நஷ்டமில்லை என்பது தண்டனையைக் குறைக்க உதவலாம், குற்றச்சாட்டை அழிக்காது.

வேலூர் தொழிலாளர் நீதிமன்றத்தை நம்ப வேண்டாம். ஆர்டர் போடும் அதிகாரத்தோடு நிர்வாகப் பணி செய்பவர் சட்டப்படி 'தொழிலாளி' ஆகமாட்டார். சிவில் நீதிமன்றம் தனியார் வேலையைத் திரும்ப வாங்கித் தராது. பெரும்பாலும் நோட்டீஸ் காலச் சம்பளத்தோடு முடியும்.

நான் அஞ்சுவது வேறொன்று. இந்த நிலையில் பலர் பதற்றத்தில் பழைய தேதியிட்டு ஓர் உறவு அறிவிப்புக் கடிதத்தைத் தயாரித்துக் கோப்பில் நுழைக்கிறார்கள். காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தீபாவளிக்கு மறுநாளே திருப்பியதாக சப்ளையரிடம் கடிதம் வாங்குகிறார்கள். சப்ளையரின் கணக்கில் அந்தக் காசு உங்கள் பெயரோடு விளம்பரச் செலவாக ஏறியிருக்கலாம், திரும்பி வந்ததாகப் பதிவு இராது. அதைப் பார்த்த அன்றே கடிதம் பொய்யாகிவிடும். அதுவரை ஒழுங்கு நடவடிக்கையாக இருந்தது, பொய் ஆவணம் புனைந்த குற்றமாக மாறிவிடும்.

அப்போது பணிக்கொடைக்கே ஆபத்து. உங்கள் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் 45,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, 14 ஆண்டுகளுக்குக் கணக்கிட்டால் சுமார் 3,63,000 ரூபாய். ஒழுக்கக்கேடான குற்றத்துக்காக நீக்கப்பட்டால், நிறுவனம் அதை முழுவதுமாகவோ பகுதியாகவோ பறிக்கலாம். அதற்குக் குற்றவியல் தண்டனை தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் தீர்ப்பளித்துவிட்டது. உள் விசாரணையின் முடிவே போதும்.

ஆகவே சமரசம் பேசுங்கள். நோட்டீஸ் கெடுவுக்குள் பதில் கொடுங்கள். உறவை அறிவிக்காததை ஒரே வரியில் ஒப்புக்கொள்ளுங்கள். நீங்கள் கமிஷன் வாங்கவில்லை என்பது உண்மையானால் அதைத் தெளிவாக மறுத்து எழுதுங்கள். காசை இன்றைய தேதியிட்ட கடிதத்தோடு மனிதவளத் துறையிடம் ஒப்படைத்து ஒப்புகை பெறுங்கள், சப்ளையரிடம் கொடுக்காதீர்கள். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். பிறகு ராஜினாமா, முழுப் பணிக்கொடை, பணி விடுவிப்புக் கடிதம், மேல்நடவடிக்கை இல்லை என்ற உறுதி ஆகிய நான்கும் ஒரே ஒப்பந்தத்தில் எழுத்தில் இருந்தால் மட்டும் கையெழுத்திடுங்கள். விசாரணை அறிக்கை வந்துவிட்டால் நிறுவனத்துக்குப் பேச வேண்டிய தேவையே இராது.