தட்டு சிறிதானால் எடை குறையுமா?

*எனக்கு வயது 46, ஊர் கோத்தகிரி. சென்ற ஆண்டு சாப்பாட்டு மேசை வாங்கிய பிறகு 71 கிலோவிலிருந்து 74 ஆனேன். பெரிய தட்டுதான் காரணம் என்று இணையத்தில் படித்து ஏழு அங்குலத் தட்டுக்கு மாறினேன். ஒன்றரை மாதத்தில் 70 கிலோ. ஆனாலும் மூன்று முறை போட்டுச் சாப்பிட்டும் பசி அடங்கவில்லை. பஃபே என்றால் கேட்கவே வேண்டாம். வயிறு விரிந்துவிட்டதா? கொடம்புளி மாத்திரை சாப்பிடலாமா? ஏப்பமும் வருகிறது. குளிருக்கு இரவில் மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுந்து, தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்கிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு.*

வயிறு விரியவில்லை, வேளைக்கு வேளை விரிந்து சுருங்குவதுதான் அதன் வேலை. ஏப்பத்தை மறந்துவிடுங்கள். மாத்திரையை வாங்கியிருந்தால் குப்பையில் போடுங்கள். குழம்பில் போடும் கொடம்புளி வேறு, அதன் சாற்றைச் செறிவாக்கி அடைத்த மாத்திரை வேறு. இரண்டாவதைத் தின்று கல்லீரல் கெட்டவர்கள் உண்டு.

தட்டுக்கு வருகிறேன். ஒரே அளவு சோறு பெரிய தட்டில் குறைவாகவும் சிறிய தட்டில் நிறைவாகவும் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கண்மயக்கம் வயிற்றுக்குள் எவ்வளவு இறங்குகிறது என்பதைப் பற்றிப் பரவிய பெரிய பேச்செல்லாம் பெரும்பாலும் அமெரிக்கக் கார்னெல் பல்கலைக்கழகத்தின் பிரையன் வான்சிங்க் என்பவரிடமிருந்து வந்தது. 2018இல் ஜாமா குழும மருத்துவ இதழ்கள் ஒரே நாளில் அவருடைய ஆறு கட்டுரைகளைத் திரும்பப் பெற்றன. ஒரு முறை பரிமாறியதோடு முடியும் இடத்தில் சிறிய தட்டு ஓரளவு உதவலாம். எழுந்தோ கை நீட்டியோ மறுபடி போட்டுக்கொள்ளக்கூடிய வீட்டில், நீங்களே எழுதியிருப்பதைப் போல, மூன்று முறை நிரப்பினால் கணக்கு சரியாகிவிடும்.

உங்களை 74 ஆக்கியது தட்டு அல்ல, மேசை நடுவில் இருக்கும் ஹாட்பேக். நம் மலையில் சோறு ஐந்தே நிமிடத்தில் ஆறிவிடும் என்பதால், சமவெளியில் அடுப்படியிலேயே இருக்கும் பாத்திரம் இங்கே மூடியோடு மேசைக்கு வந்து, பேச்சு முடியும்வரை கைக்கெட்டும் தூரத்தில் சூடாகவே காத்திருக்கிறது. மேசை வருமுன் இன்னொருவர் பரிமாறியபோது, ஒவ்வொரு கரண்டிக்கும் "போதும்" என்று கையை மறித்தீர்கள். அதாவது ஒரு தடவை யோசித்தீர்கள். இப்போது கடைசியில் மிஞ்சிய ரசத்துக்கு அரைக் கரண்டி சோறு, மிஞ்சிய சோற்றுக்குக் கொஞ்சம் குழம்பு என்று யோசனையில்லாமலே கை போகிறது. அப்படி நாளுக்கு நூறு கிராம் சோறு கூடினால் சுமார் 130 கலோரி. எடை ஏற ஏற உடலின் செலவும் ஏறுவதால், ஓர் ஆண்டில் அது மூன்று கிலோவை ஒட்டி நிற்கும். உங்கள் மூன்று கிலோவுக்கு இதுவே போதும். ஹாட்பேக்கைச் சமையலறையிலேயே வைத்து, அங்கேயே தட்டில் போட்டுக்கொண்டு வாருங்கள். மேசையில் பொரியலும் கீரையும் மட்டும் இருக்கட்டும். வேண்டுமென்றால் எழுந்து போய்ப் போட்டுக்கொள்ளலாம், தடையில்லை. அந்த எழுந்து போவதுதான் பழைய "போதும்" செய்த வேலையைச் செய்கிறது.

பஃபேயில் நடப்பது வேறு. ஒரே உணவைத் தின்னத் தின்ன அதன் ருசி நாக்குக்கு அலுத்துவிடும்; புதுச் சுவை வந்தால் அலுப்பு அதற்குச் செல்லாது. பிரியாணி போதும் என்றவர் குலோப்ஜாமுனுக்கு இடம் கண்டுபிடிப்பது இதனால்தான். முழு வரிசையையும் வெறுங்கையோடு ஒருமுறை பார்த்துவிட்டு, மூன்று நான்கு வகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மாதம் ஒரு விருந்து யாருக்கும் எடை ஏற்றாது.

இனி நான் கவலைப்படும் விஷயம். இவ்வளவும் எடை கூடியதைத்தான் விளக்குகிறது; ஒன்றரை மாதத்தில் நான்கு கிலோ குறைந்ததை விளக்காது. மூன்று முறை போட்டு, பசியடங்காமல் சாப்பிடும் ஒருவருக்கு எடை இறங்குகிறது என்றால், தின்பது எங்கோ வெளியேறுகிறது என்று பொருள். இரத்தத்தில் சர்க்கரை சுமார் 180ஐத் தாண்டினால் அது சிறுநீரில் வடியத் தொடங்கும்; கூடவே நீரையும் இழுத்துப்போகும். குளிருக்குச் சிறுநீர் அதிகம் போவது இங்கே எல்லாருக்கும் உள்ளதுதான், அதனால் சர்க்கரை நோயின் இந்த அறிகுறியை மலையில் எளிதாகக் கவனிக்காமல் விட்டுவிடலாம். ஆனால் வெறும் குளிர் தாகத்தைத் தராது, மட்டுப்படுத்தும். கோத்தகிரிக் குளிரில் நள்ளிரவில் எழுந்து தண்ணீர் தேடுகிறவரை நான் குளிர் என்று சொல்லி அனுப்பமாட்டேன்.

தட்டைப் பாராட்டிக்கொண்டு இன்னொரு மாதம் காத்திருக்காமல், நாளைக் காலை வெறும் வயிற்றில் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ இரத்தச் சர்க்கரை பாருங்கள். அது 126 அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். இதற்கிடையில் வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் வந்தால் காலைவரை காத்திருக்கக் கூடாது, இரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். சர்க்கரை சரியாக இருந்தால், தைராய்டு பரிசோதனையையும் சேர்த்துச் செய்துகொண்டு எனக்கு எழுதுங்கள்.