‘ஐயா, நான் விவசாயி’ என்று மட்டும் செய்தி வந்தால்: கேள்வி பதில்

டெல்டாவில் ஒரு விவசாயிகள் சங்கத்தின் உதவி எண்ணுக்கு வரும் வாட்ஸப் செய்திகளுக்குப் பதில் எழுதுகிறேன். இதே வேலையில் இருப்பவர்களும் வேறு சிலரும் அனுப்பிய கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

“வணக்கம் அண்ணா. ‘ஐயா நான் விவசாயி’ என்று ஒரே வரி வருகிறது. அதற்குமேல் ஒன்றும் இல்லை. என்ன பதில் போடுவது?” (புதிதாகச் சேர்ந்த தன்னார்வலர்)

முதலில் செய்தி வந்த தேதியைப் பாருங்கள் தம்பி. தாலுகா ஆபீஸ், வங்கி, சொசைட்டி என எங்கே போனாலும் ‘நீங்க யாரு, என்ன பண்றீங்க’ என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அந்தப் பழக்கத்தில் அவர் தன் பங்கைச் சொல்லிவிட்டு, அடுத்ததை நீங்கள் கேட்பீர்கள் என்று காத்திருக்கிறார்.

எங்கள் பக்கம் ஜூன், ஜூலையில் வந்தால் குறுவைக்கு விதை, இல்லையென்றால் சொசைட்டியில் பயிர்க்கடன். அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் 15 வரை பெரும்பாலும் சம்பா காப்பீடு. மழை கொட்டிய மறுநாள் வந்தால் வயல் மூழ்கியிருக்கும். அறுவடை நேரத்தில் வந்தால் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று நெல்லைத் திருப்பியிருப்பார்கள். ஆனால் ஊகித்ததைப் பதிலாகக் கொட்டிவிடாதீர்கள். அது சரியா என்று தெரியும்படி ஒரு கேள்வி கேளுங்கள்.

ஒரு நவம்பர் முதல் வாரத்தில் இப்படி ஒரு வரி வந்தது. நான் எழுதியது: “வணக்கம். எந்த ஊர்? சம்பா நட்டாச்சா? நிலம் உங்க பேர்லயா, குத்தகையா?” வந்த பதில்: “மன்னார்குடி பக்கம். நட்டாச்சு. அப்பா பேர்ல இருக்கு, அவர் போன வருஷம் தவறிட்டார்.” இந்த இடத்தில்தான் பலர் வழிமாறிப் போகிறார்கள். வாரிசுச் சான்று வாங்குங்கள், பட்டா மாறுதலுக்குப் போடுங்கள் என்று ஆரம்பித்தால் அது முடிவதற்குள் காப்பீட்டுத் தேதி போய்விடும். பட்டா மாற்ற வேண்டியதுதான், ஆனால் அது பொறுக்கும். காப்பீட்டுக்கு இப்போது யார் சாகுபடி செய்கிறார் என்பது முக்கியம். அதைக் காட்டுவது வி.ஏ.ஓ. தரும் அடங்கல்.

அவரிடம் அடங்கல் ஏற்கெனவே இருந்தது. போட்டோ அனுப்பச் சொன்னேன். மே மாதம் கடனுக்காக வாங்கியது. வருவாய்த்துறை கணக்கு வைக்கும் பசலி ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி மாறிவிடும், அதனால் அது பழைய பசலி அடங்கல். அதைக் கொண்டுபோயிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார்கள். வி.ஏ.ஓ. விசாரித்து, சாகுபடி செய்பவர் என்று இவர் பெயரில் நடப்புப் பசலிக்கு எழுதிக் கொடுத்தார். அதோடு ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், முன்மொழிவுப் படிவம் எல்லாம் வைத்து இ-சேவை மையத்தில் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதப் பிரீமியம் கட்டினார். ரசீதில் சர்வே எண்ணும் கிராமமும் சரியா என்று அங்கேயே பார்க்கச் சொன்னேன். அதில் ஒரு எண் மாறியிருந்தால், இழப்பீடு வரும்போதுதான் தெரியும். அப்போது திருத்த வழி கிடைப்பது கஷ்டம்.

“விவசாயி என்றாலே பி.எம். கிசான் 2,000 ரூபாய் வரவில்லை என்பதுதான் விஷயம். நான் உடனே ஆதார் எண்ணைக் கேட்டு ஸ்டேட்டஸ் பார்த்துவிடுவேன். இதுதானே சுலபம்?” (இ-சேவை மையம் நடத்துபவர்)

தவணை விடும் வாரத்தில் நீங்கள் சொல்வது சரிதான். அப்போது இ-கேஒய்சி முடித்தாரா, கணக்கு ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்று பார்த்தாலே பாதி விடை கிடைக்கும். மற்ற நாட்களில் அந்த ஊகம் பலரை வெளியே நிறுத்திவிடும். அந்தத் திட்டத்துக்கு நிலம் சொந்தப் பெயரில் இருக்க வேண்டும். குத்தகைக்காரருக்கு அது கிடையாது. ஆனால் பயிர்க் காப்பீட்டில் அவருக்கு இடம் உண்டு. அவரிடம் பி.எம். கிசானைப் பற்றிப் பேசினால், ‘நமக்கு எதுவும் இல்லை போல’ என்று போய்விடுவார்.

அப்புறம், முதல் கேள்வியாக ஆதார் எண்ணைக் கேட்காதீர்கள். பி.எம். கிசான் பெயரில் ஏபிகே கோப்பு அனுப்பிப் பணத்தை உருவும் மோசடி பரவியிருக்கிறது. எண் கேட்டதும் பதில் நின்றுபோனால் அவர் உங்களைக் கண்டு பயந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஊர் என்று கேட்டால் யாரும் பயப்படுவதில்லை.

“ஐயா, நான் மானாவாரி விவசாயி. விருதுநகர் மாவட்டம்.”

வணக்கம் ஐயா. இதை உதவி எண் என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள், பரவாயில்லை. மானாவாரி என்றதால் அணையும் கொள்முதலும் உங்கள் கவலை இல்லை என்று புரிகிறது. வடகிழக்குப் பருவமழையை நம்பி மக்காச்சோளமோ உளுந்தோ போட்டிருப்பீர்கள் என்று நினைத்து, “விதைச்சாச்சா, படைப்புழு இருக்கா?” என்று கேட்டேன். வந்த பதில்: “இந்த வருஷம் விதைக்கல. ஆடு வாங்க லோன் கிடைக்குமா?”

கிடைக்க வழி உண்டு ஐயா. கிசான் கிரெடிட் கார்டு 2018-19 முதல் ஆடு, மாடு வளர்ப்புக்கும் உண்டு. ஆனால் அது தீவனம், மருந்து போன்ற நடப்புச் செலவுக்கானது. ஆடு வாங்கவே பணம் வேண்டும் என்றால் வங்கியில் தவணைக் கடன் என்று தனியாகக் கேட்க வேண்டும். உங்களுக்குக் கணக்கு இருக்கும் கிளைக்கே போங்கள். போகுமுன் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் எத்தனை ஆட்டுக்கு எவ்வளவு கொட்டகை, தீவனம் வேண்டும் என்று விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள். மேனேஜர் முதலில் அதைத்தான் கேட்பார்.

“ஓய்வு பெற்ற வி.ஏ.ஓ. நான். குத்தகையா என்று கேட்கச் சொல்கிறீர்கள். ஆமாம் என்றால் அடுத்து என்ன செய்வீர்கள்? நிலக்காரர் சம்மதிக்காமல் அடங்கலில் சாகுபடிதாரர் பெயரை எழுதுவது நடைமுறையில் எவ்வளவு சிக்கல் என்று எனக்குத் தெரியும்.”

உண்மைதான் ஐயா, உங்களைவிட யாருக்குத் தெரியும். 1955-ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தை நினைத்து நிலக்காரர்கள் பயப்படுகிறார்கள். எழுத்தில் பெயர் ஏறினால் நிலம் போய்விடும் என்கிறார்கள். வாய்மொழிக் குத்தகை அதனால்தான் இன்னும் ஓடுகிறது. சில ஊர்களில் நிலக்காரர் பெயரிலேயே காப்பீடு போட்டு, இழப்பீடு வந்தால் கொடுத்துவிடுவதாகப் பேசிக்கொள்கிறார்கள். வெள்ளம் வந்த பிறகு அந்தப் பேச்சு நிற்பதும் உண்டு, நிற்காததும் உண்டு. நான் செய்வது இவ்வளவுதான்: குத்தகை என்று சொன்னால் நிலக்காரர் உள்ளூரிலேயே இருக்கிறாரா என்று கேட்பேன். இருந்தால் இரண்டு பேரையும் ஒன்றாக வி.ஏ.ஓ.விடம் போகச் சொல்வேன். வெளியூரில் இருந்தால் என்னிடம் நல்ல வழி இல்லை. உங்கள் அனுபவத்தில் ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

“சார், எங்களுக்கு ‘நான் காலேஜ் ஸ்டூடண்ட்’ என்றுதான் வருகிறது. இதற்கும் தேதி உதவுமா?” (கல்லூரி உதவி மையப் பேராசிரியை)

உதவும் மேடம். கலந்தாய்வு நேரத்தில் வந்தால் அது சான்றிதழ்: சாதி, வருமானம், முதல் பட்டதாரி. முதல் பட்டதாரி என்றால் ‘அண்ணன் அக்கா படிச்சிருக்காங்களா’ என்று கேளுங்கள். கல்விக் கட்டணச் சலுகை குடும்பத்தில் ஒருவருக்குத்தான். அக்கா ஏற்கெனவே வாங்கியிருந்தால் அலைச்சல் மிச்சம்.

கல்லூரி திறந்து சில மாதம் கழித்து வந்தால் உதவித்தொகை வரவில்லை என்பதாக இருக்கும். பணம் பெரும்பாலும் ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்குப் போகிறது. பிள்ளைகள் கையில் இருக்கும் பாஸ்புக் வேறாக இருக்கும். பள்ளியில் படிக்கும்போது திறந்து மறந்துபோன கணக்கு ஏதாவது உண்டா என்று கேளுங்கள். அதில் போய் விழுந்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.